மூலை வீட்டுப் பதினைந்து ரூபாய்

அம்மா,

ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. எலுமிச்சை சாதம் மூடி வைத்திருக்கிறேன்.

நேற்றைய சண்டையில் நீதான் ஜெயித்தாய். கோலமாவு விற்ற லாபம் இரண்டாயிரத்தையும் போஸ்ட் ஆபீஸில் போடப் போகிறேன். பொங்கலுக்குக் கலர் மாவு வாங்கச் சிதம்பரம் போகவில்லை. "பொங்க முடிஞ்சா கலரை எவ வாங்குவா?" என்று நீ கத்தியதால் இல்லை. வெள்ளை மாவு மூட்டை, பஸ் லக்கேஜ், கவர் எல்லாம் முந்நூற்றைம்பது. அதில் அரைக் கிலோ பாக்கெட் ஐம்பது போட்டு, பதினைந்துக்கு விற்றால் நானூறு நிற்கிறது. கலரில் இன்னும் ஜாஸ்தி நிற்கும். ஆனால் கையில் மாவு இருந்தால் மூலை வீட்டுக்கும் கொடுக்க வேண்டும்.

ரத்தினம்மாள் அத்தை ஐப்பசியில் இறந்ததிலிருந்து அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. வருஷம் திரும்பும்வரை வாசலில் கோலம் கிடையாது. ஆனாலும் மார்கழி ஒன்றிலிருந்து தினமும் காலையில் கேட்டின் மேல் பதினைந்து ரூபாய் இருந்தது. சொந்தக்காரர் யாரோ என்று நினைத்து, பாக்கெட்டை வைத்துவிட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டேன். இன்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்கட்டிலிருந்து வரிசையாக இருபத்திரண்டு கோலம், தூசியில் ஒரு காலடிகூட இல்லை. கடைசிக் கோலம் வாசற்படிக்கு உள்பக்கம் வந்து நிற்கிறது.

இனி விற்க மாட்டேன். மிச்சம் ஒரே பாக்கெட்தான். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன்.

எழில்

கிளம்பக் கதவைத் திறந்தேன். நம் வாசற்படியில் பதினைந்து ரூபாய் இருக்கிறது. நான் தொடவில்லை. தொட்டால் விற்றதாகிவிடும். நீ உள்ளே வரும்போது எடுத்திருந்தால், டிரம்முக்குப் பின்னால் பார்க்காதே அம்மா. வெளியே வந்து நில்.