கைகூப்பிய கேலி

என்னங்க,

திண்டிவனம் வந்து சேர்ந்துவிட்டேன். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

நமக்குச் சமைக்க வரும் பூமாலை அக்காவிடம் தினமும் காலையில், "வாங்கக்கா, முட்டிவலி எப்படி இருக்குது?" என்று கேட்பேன். போனைக் கீழே வைத்துவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை நிற்பேன். அதன்பிறகுதான் சமையல் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் நண்பர்கள் முன்னால் நீங்கள் அக்காவைப் பார்த்துக் குனிந்து கைகூப்பி, "வாங்க மேடம், முட்டி சௌக்கியமா?" என்று என்னைப் போலவே இழுத்துக் கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் அக்காவும் சிரித்தார்.

மறுநாள் நான் "வாங்கக்கா" என்றதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னா சமைக்கணும்னு மட்டும் சொல்லும்மா. வேற எதுவும் கேக்காத."

இத்தனை நாள் நான் கேட்டதும் கேலிதான் என்று நினைத்துவிட்டார். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அன்றோடு வேலைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

உங்களிடம் சொன்னால், "சமையல்காரிக்கு இவ்ளோ ரோஷமா?" என்று சிரித்தபடி என் தோளில் கை போட்டீர்கள். தோளைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் விழுப்புரத்தில் பஸ் ஏறினேன்.

என்னை அழைக்க வராதீர்கள். அக்கா வீட்டுக்குப் போய், கேலி செய்தது நீங்கள் மட்டும்தான் என்று சொல்லுங்கள். நம்பினால் அவரே எனக்குப் போன் செய்வார்.

அதுவரைக்கும் இங்கேதான்,
உங்கள் மனைவி