ஒரு அடுப்புக்கு ஒரு முளைப்பாரி

என்னோடு ஒரே பாயில் படுத்து, ஒரே போர்வைக்குச் சண்டை போட்டு வளர்ந்த மரகதக்காவுக்கு,

உன் மகள் பூரணி கோத்தகிரியிலிருந்து போன் எடுத்தாள். "சித்தி" என்றாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. அந்த ஒரு சொல்லிலேயே நீ போய்விட்டாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அம்மாவைப் பற்றிச் சின்ன வயதுக் கதை ஏதாவது எழுதி அனுப்புங்கள் என்று மறுநாள் அவள் கேட்டாள். எதை எழுதுவது? நீ அவளிடம் ஒன்றும் சொன்னதில்லையாமே. மாத்தளையில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது என்று மட்டும் சொல்வாயாம். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே உனக்கு எழுதுகிறேன், அக்கா. அவளும் படிக்கட்டும்.

அலுவிகாரைக்குப் போகிற ரோட்டில் இருந்தது அந்த வீடு. என் பெரியப்பாவான உன் அப்பாவின் குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒரே அடுப்பில் சாப்பிட்டோம். அரிசிப் பெட்டிச் சாவி பெரியம்மாவின் இடுப்பில். என் அம்மா உலை வைத்தால் பெரியம்மா குழம்பு வைப்பார். மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற கடை இரண்டு அண்ணன் தம்பிக்கும் பொது. பெரியப்பா இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தார், அப்பா இலங்கைக் குடியுரிமைக்கு. கலவரத்தில் கடையை எரித்த பிறகு, இழுத்துக்கொண்டிருந்த பயணத்துக்குப் பெரியப்பா ஒப்புக்கொண்டுவிட்டார். ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்கு இரண்டு நாடு. அடுத்து வந்த மாசித் திருவிழாதான் நாம் எல்லோரும் சேர்ந்து செய்யப்போகிற கடைசித் திருவிழா.

நம் தெருவின் மாரியம்மன் கோயிலில் ஓர் அடுப்புக்கு ஒரு வரி, ஓர் அடுப்புக்கு ஒரு முளைப்பாரி. அந்த வீட்டில் கல்யாணமாகாத பெண்களில் மூத்தவள் வளர்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அது உன்னுடையது. ஆனால் அதற்குச் சில வருடங்கள் முன்னால் நீ முதல்தரம் வளர்த்தபோது முளை அழுகிப்போனது. "தீட்டோட தண்ணி ஊத்தியிருப்பா" என்று என் அம்மா கிணற்றடியில் சொன்ன சொல் தெரு முழுக்கப் போனது. நீ சத்தியம் பண்ணினாய், யாரும் நம்பவில்லை. அடுத்த வருடத்திலிருந்து முளைப்பாரிச் சட்டி என் கைக்கு வந்தது. எனக்கு நன்றாகவே முளைத்தது. பாயில் நீ எனக்கு முதுகு காட்டிப் படுக்கத் தொடங்கியது அப்போதுதான்.

பிறகு நாம் கொஞ்சம் பேசினோம், சிரித்தோம். முளைப்பாரியைப் பற்றி மட்டும் பேசவில்லை. அந்த மாசியில் கோயிலிலிருந்து ஆள் வந்து கொடி ஏறப்போகிறது என்று சொல்லிவிட்டுப் போன அன்றைக்குத்தான் அது மறுபடியும் கிளம்பியது.

"இந்தத் தடவை மரகதம் வளக்கட்டும். இனிமே அவளுக்கு ஏது இந்தக் கோயில்?" என்றார் பெரியம்மா.

அம்மா அம்மியிலிருந்து கையை எடுக்கவில்லை. "அக்கா, நீங்க கப்பல் ஏறப்போறவங்க. இங்க இருந்து வரி கட்டப்போறது நாங்க. அது சரசு கையிலயே இருக்கட்டும்."

"கப்பல் ஏறுற வரைக்கும் இந்த வீட்டுக்கு மூத்தவ நான்தான், தங்கச்சி."

"அதுக்காக அழுக வச்ச கையிலயா குடுப்பீங்க?"

அன்று இரவு பெரியம்மா சாப்பிடவில்லை. அப்பாதான் சமாதானமாக, ரெண்டு பேரும் வளர்க்கட்டும், நல்லா வர்றது கோயிலுக்குப் போகட்டும் என்றார். பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். "வளக்கிறது ரெண்டா இருக்கலாம், தம்பி. வாசப்படி தாண்டுறது ஒன்னாத்தான் இருக்கணும். ரெண்டு போச்சுன்னா நம்ம ரெண்டு அடுப்புன்னு ஊருக்குச் சொன்ன மாதிரி. நான் இங்க இருக்கிற வரைக்கும் அது நடக்கக் கூடாது."

பாசிப்பயறு, கௌபிப் பயறு, மொச்சை, உளுந்து, நெல், சோளம் எல்லாவற்றையும் தனித்தனியாக ஊறப்போட்டோம். நீ உன் சட்டிக்கு அடியில் வைக்கோலைப் பிரித்துப் பிரித்துப் பரப்பினாய். மேலே காய்ந்த சாணியை நொறுக்கிப் போட்டு, ஆற்று மணலும் மண்ணும் கலந்து, தானியத்தை நெருக்கமாகத் தூவி, மறுபடியும் சலித்த சாணித்தூளால் மூடினாய். நான் பேருக்குக் கொஞ்சம் வைக்கோல் போட்டுவிட்டுப் புற்றுமண்ணை அள்ளி நன்றாக அழுத்தினேன். அழுத்தினால் வேர் பிடிக்கும் என்று நினைத்தேன். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் செய்தேன், ஒன்றும் ஆனதில்லை.

அரிசிப் பெட்டி இருக்கிற இருட்டறையில் உனக்கு ஒரு மூலை, எனக்கு ஒரு மூலை. காலையில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு போய் மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும். வளர்க்கிறவளைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது. வெளிச்சம் பட்டால் முளை பச்சையாகிவிடும், இருட்டில்தான் அது வெள்ளையாக உயரும். சாயங்காலம் தெருப் பெண்கள் முற்றத்தில் கும்மி கொட்டுவார்கள். நாம் இரண்டு பேரும் எதிரெதிராகச் சுற்றினோம். கை தட்டும்போதுகூட நீ என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒருநாள் அறை வாசலில் வழி விடாமல் நின்றாய். "உனக்கு நாடும் கெடச்சிருச்சு, வீடும் கெடச்சிருச்சு. இந்தச் சட்டியும் வேணுமா, சரசு?"

நான் உன்னை உரசிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

அந்த வருடம் மாசியிலும் மழை விடவில்லை. சுவரெல்லாம் ஓதம். உன் சட்டியில் முளை சீராக எழும்பியது. என்னுடையது ஓரத்தில் மட்டும் உயர்ந்து, நடுவில் துவண்டு கிடந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு விடியலில் நீ உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினாய். நேராக என் மூலைக்கு வந்து குனிந்தாய்.

"புளிச்ச வாடை அடிக்குது. எத்தன நாளா?"

"என் சட்டியப் பாக்காத, போ."

"ஏய், ஊத்துறத நிறுத்து மொதல்ல. இந்த வாடை எனக்குத் தெரியும்டி. அந்த வருசம் எனக்கும் இதேதான் அடிச்சுச்சு."

நீ என்னைக் கேட்கவில்லை. சட்டியைச் சரித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, விளக்குமாற்று ஈர்க்கை எடுத்து அடித்துளைகளில் விட்டுக் குத்தினாய். மண் அடைத்துக்கொண்டிருந்தது. கறுப்பாகத் தண்ணீர் வடிந்தது, வடிந்துகொண்டே இருந்தது. அழுகின விதைகளை விரலால் கிள்ளி எடுத்தாய். சட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, நடுவில் காய்ந்த மணலும் சாம்பலும் தூவினாய். சாம்பிராணி போட்டு அறையின் ஈரத்தை எடுத்தாய். நாளைக்குச் சொட்டுத் தண்ணீர் காட்டாதே என்றாய். உன் நகத்திலெல்லாம் சேறு.

நீ பேசாமல் போயிருக்கலாம். என் சட்டி அழுகியிருந்தால் கோயிலுக்குப் போவது உன்னுடையதுதான். அதை நான் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "அழுகினா என்னென்ன பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும். ஒருத்தி கேட்டது போதும்" என்றாய்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நான் சுத்தமாகத்தான் இருந்தேன். ஒரு குறையும் வைக்கவில்லை. அப்படியும் அழுகியது. அப்படியானால் அந்த வருடம் நீயும் சுத்தமாகத்தான் இருந்திருக்கிறாய். மண்ணும் தண்ணீரும் செய்ததை உன் தலையில் போட்டுவிட்டோம்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். "அம்மா, என் முளைப்பாரி அழுகிப்போச்சு. அக்காதான் காப்பாத்தினா. எனக்கு ஒரு தீட்டும் இல்ல. அப்ப அக்காவுக்கும் அன்னைக்கு இல்ல. நீங்க சொன்னது பொய்யி."

அம்மா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டார். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அத்தனை வருடமாக அவரும் உன்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார் என்பது அந்த அழுகையில்தான் தெரிந்தது. நீ எழுந்து கை கழுவப் போனாய். திரும்பி வர நேரமானது.

ஊர்வலத்தன்று காலையில் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, நான் அறைக்குப் போகும்போது நீ கொல்லையில் நின்றிருந்தாய். பழைய சேலை. அறைப் பக்கமே வரவில்லை.

"எனக்கு வீட்டுக்குத் தூரமாயிருச்சு, சரசு. இப்பத்தான்."

யாருக்கும் தெரியாது. மறைத்திருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. அதைச் சொன்னபோதும் நீ தூண் மாதிரி நேராக நின்றாய். "உன்னோடதக் கொண்டு போ. தேறிருச்சு, நல்லாத்தான் இருக்கு" என்றாய்.

நான் உள்ளே போனேன். இரண்டு மூலையிலும் இரண்டு சட்டி. உன்னுடையது முழங்கை உயரம், வெண்மஞ்சளாக, தலை கோதிவிட்ட மாதிரி. சரியாமலிருக்க வாழைநாரால் சுற்றிக் கட்டி, செவ்வந்திச் சரம் வைத்து, உன் சட்டியைத்தான் நான் தலையில் தூக்கினேன்.

அம்மா வாசலில் மறித்தார். "அது உன்னோடது இல்லடி."

"இது இந்த வீட்டோடதும்மா. வழி விடுங்க."

பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். அவருக்குப் பக்கத்தில் அப்பா. கோயிலில் யார் வீட்டு முளைப்பாரி என்று கேட்டபோது, "மூத்தவர் வீட்டுது. மரகதம் வளத்தது" என்று அப்பாவே சொன்னார். பெண்கள் குலவை போட்டார்கள். தெருமுனையில், சாக்கடைக்கு அந்தப் பக்கம், கோயில் பக்கம் வரக்கூடாத நீ தலையில் முக்காடோடு நின்றிருந்தாய். அந்தக் குலவை உனக்குக் கேட்டதா, அக்கா? இன்றுவரை நான் கேட்கவே இல்லை.

சுது கங்கையில் முழங்கால் தண்ணீரில் நின்று முளைப்பாரியைக் கரைத்தேன். அது சுழன்று போனது. சித்திரை பிறப்பதற்குள் நீங்கள் மாத்தளை ஸ்டேசனில் ரயில் ஏறிவிட்டீர்கள். தலைமன்னார், கப்பல், அப்புறம் கோத்தகிரி மலை. அங்கேயும் தேயிலைதான் என்று நீ எழுதினாய். இங்கே நம்மை இந்தியாக்காரர்கள் என்றார்கள். அங்கே உங்களைச் சிலோன்காரர்கள் என்றார்களாம். அந்த வரியை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

அம்மா கண்மூடுவதற்கு முன்னால், நினைவு தப்புகிற நேரத்தில், "மரகதம் சாப்பிட்டாளா?" என்று கேட்டார். சாப்பிட்டாள் என்றேன். இதை உனக்கு எழுதத் துணிவு வரவில்லை. அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருப்பாரா?

வடக்கில் சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொல்கிறார்கள். தெருவில் வெடி கொளுத்தினார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். வீட்டைப் பிரித்துக் கட்டிவிட்டோம். அந்த இருட்டறை இப்போது இல்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா சோமா நோனா உன் செய்தி கேட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மரகதம் நல்ல புள்ள" என்று நம் தமிழில் சொன்னார்.

பூரணிக்குத் தை மாதம் கல்யாணம். அம்மா இல்லாமல் மணையில் உட்காரமாட்டேன் என்கிறாளாம். கடல் தாண்டாத என் கால் இந்தத் தடவை தாண்டும், அக்கா. அவள் கூந்தலை நான் பின்னுவேன், புடவை மடிப்பை நான் எடுத்துக் கொடுப்பேன். பெண்ணின் தாய் எங்கே என்று யாராவது கேட்டால், எழுந்து நிற்பது நானாக இருக்கும்.

சித்தப்பா மகள் என்று நீ ஒருநாளும் பிரித்துச் சொல்லாத
உன் தங்கச்சி,
சரசு