குறை வாசலில் இருக்கிறது

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தங்கை மூவரும் சுகம், சாப்பாடும் சண்டையும் வேளை தவறாமல் நடக்கின்றன, அங்கே நீயும் மருமகளும் அதே மாதிரி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கைக்கு நூலகத்தில் வேலை கிடைத்ததைப் போனில் சொன்னேன் அல்லவா, அதில் சேர்வதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. வாசலில் ஐந்து படி. சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டதற்கு மேலதிகாரி, முதல்ல உடம்பு சரியாகட்டும்மா, மருத்துவக் குழுகிட்ட காட்டி வைத்தியம் பண்ணிட்டு வாங்க, மாசக் கடைசிக்குள்ள சேரலேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவோம் என்றார். ரொம்ப அன்பாகத்தான் சொன்னார். பிறந்ததிலிருந்து நடக்காதவள் இனிமேல் படியேறக் கற்றுக்கொள்ள வேண்டுமாம், அவருக்கு நாலு மூட்டை சிமெண்ட் மிச்சம்.

குழுவில் மூன்று டாக்டர்கள். காலை மடக்கினார்கள், நீட்டினார்கள், தட்டிப் பார்த்தார்கள், குறை எழுபது சதவீதம் என்றார்கள். உதவித்தொகை, பஸ் சலுகை எல்லாம் அந்தச் சதவீதத்தை வைத்துத்தான், எந்தக் கட்டடத்துக்குள் அவளால் போக முடியவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் எழுத்தர் தலை நிமிராமல், குறை எங்கம்மா இருக்கு என்றார். உன் தங்கை சளைக்காமல், நூலக வாசல்ல சார், என் கால் நடக்காதுதான், வலிச்சா உங்ககிட்டத்தான் வருவேன், ஆனா என்னை வேலைக்குப் போகவிடாம தடுக்கறது கால் இல்ல, அந்தப் படி என்றாள். அந்தப் புண்ணியவான் சான்றிதழில் அப்படியே எழுதிவிட்டார். குறை உள்ள இடம் நூலக வாசல், அளவு எழுபது சதவீதம், நிரந்தரமானது. மூன்று டாக்டர்களும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தச் சான்றிதழை நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாசலுக்கு நிரந்தரக் குறை என்று டாக்டர்களே சொன்ன பிறகு மேலதிகாரி என்ன செய்வார், மாசக் கடைசிக்குள் சாய்தளம் வந்துவிட்டது, தங்கையும் சேர்ந்துவிட்டாள். இப்போது குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள், மூட்டுவலிக்காரர்கள், புத்தகக் கட்டு இறக்குகிறவர் எல்லோரும் அதில்தான் ஏறுகிறார்கள். மேலதிகாரியும்தான், அவருக்கு ஒரு சதவீதம்கூடக் கிடையாது. இதற்குள் உதவித்தொகை அலுவலகம், குறை நீங்கிவிட்டதாகத் தெரிகிறது என்று பஸ் சலுகையை நிறுத்திவிட்டது. குணமானது வாசல், பஸ் படி அப்படியேதான் இருக்கிறது, நாளைக்கு அப்பா சண்டை போடப் போகிறார்.

நீ அனுப்பிய சிகிச்சை விளம்பரமும் வந்தது. கால் சரியானதும் தங்கையை இங்கே அனுப்பிவையுங்கள் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுச் சிரித்தாள், அப்புறம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லையடா. அண்ணன் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை வருஷமாகக் கேட்கிறாள், இப்போது சம்பளத்தோடு லீவும் கிடைக்கும்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, கோபத்தைக் குறை. மறக்காமல் உன் வீட்டு வாசலில் எத்தனை படி என்று எண்ணி எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா