அண்ணனின் பங்கு வெற்றிலை

அக்கா,

இன்று காலை உன் பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். துடைத்து வெற்றிலையை அடுக்கியதும் அந்த வாசம் நேராக நெஞ்சுக்குள் இறங்கியது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, நான் வெற்றிலையைத் தொட்டு. ஏன் என்று வீட்டில் யாருக்கும் நான் சொன்னதில்லை. உனக்குத் தெரியும்.

கிளேபாங்கில் நீ வாங்கிய இந்த வீட்டை என் மகன், என் மகள், அண்ணன் மகன் என்று மூன்று பேர் பெயரிலும் எழுதிவைத்துவிட்டுப் போனாய். விற்பதா வைத்துக்கொள்வதா என்று இன்று பேசவேண்டியிருந்தது. பேச்சைத் தொடங்கிவைக்க என்னைக் கூப்பிட்டார்கள். குடும்பத்தில் இப்போது மூத்தவன் நான்தானாம். திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்த கதைதான்.

அன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜப்பான்காரன் ஆண்ட காலம். காஜா பெராங்கில் அப்பா விட்டுப்போன வீடு. பின்னால் தென்னந்தோட்டம், அதன் வேலிக்கு அந்தப் பக்கம் செட்டிமார் வீடுகள். நீ கணவனை இழந்து அப்பா வீட்டுக்கே வந்தவள். அண்ணனை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில்பாதை போட ஏற்றிக்கொண்டு போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. என் மனைவிக்கு அது ஏழாம் மாதம். அடுத்த பட்டியலில் என் பெயர் வரும் என்ற பயத்தில் லாரிச் சத்தம் கேட்டாலே கிணற்றடிக்கு ஓடுவேன். அந்த நேரத்தில்தான் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டுகளைக் கட்டுக்கட்டாக வைத்திருந்த ஒரு வியாபாரி நம் வீட்டைக் கேட்டான். அவனுக்கு, செல்லாமல் போவதற்குள் அந்தக் காகிதத்தை மண்ணாக மாற்றிக்கொள்ள அவசரம். எனக்கோ விற்றுவிட்டு ஏதாவது ரப்பர் தோட்டத்துக்குள் போய் ஒளிந்துகொள்ள அவசரம்.

நீ கூடத்தில் பாய் விரித்து, துணியில் சுற்றிய வீட்டுப் பத்திரத்தை, அந்தக் கிராண்டை, நடுவில் வைத்தாய். பக்கத்தில் இந்தத் தட்டு. அதில் மூன்று சுருள் வெற்றிலை. நம் வீட்டு வழக்கம் தெரிந்ததுதானே. பங்குக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு சுருள். தன் சுருளை எடுத்துப் போட்டுக்கொண்டால் சம்மதம், எடுக்காவிட்டால் பேச்சு முடியவில்லை என்று அர்த்தம். என் மனைவியும் அண்ணியும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் உன்னிடம் சொல்லாமலே வியாபாரியின் எழுத்தரை வரவழைத்து வாசலில் நிறுத்தியிருந்தேன்.

நீ குரலை உயர்த்தவே இல்லை. "இந்த வீடு மூணு பேரு பேர்ல இருக்கு. ரெண்டு பேரு கையெழுத்துல முழுசும் போகாது. இன்னிக்குக் கேள்வி ஒண்ணுதான், விக்கிறதா வேணாமா. அப்பாவ யாரு பாத்தா, யாரு பாக்கலன்ற கதையெல்லாம் இன்னிக்கு வேணாம்" என்று தொடங்கினாய். சின்னவர் முதலில் பேசவேண்டும், பெரியவர் பேசிவிட்டால் சின்னவருக்கு வாய் வராது என்றாய். ஒருவர் பேசும்போது மற்றவர் பதில் சொல்லக்கூடாது, எல்லாரும் ஒரு சுற்று பேசி முடித்த பிறகுதான் கேள்வி. "இன்னிக்கு யாரும் கையெழுத்துப் போட வேணாம். மூணு நாள் யோசிங்க. வியாழக்கிழமை இதே பாய்ல உக்காந்து, மனசுக்கு ஒத்துதுன்னா வெத்தல எடுங்க."

என் பொறுமை கரைந்துகொண்டிருந்தது. மூன்று நாளில் லாரி வந்துவிட்டால்?

பிறகு நீ மூன்றாவது சுருளைக் காட்டினாய். "இங்க இல்லாதவனுக்கு மொதல்ல ஒரு வார்த்த. அவன் திரும்பி வந்தா நிக்க ஒரு எடம் வேணும். அதனால நான் என்ன நெனைச்சிருக்கேன்னா..."

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவிடவில்லை. "போனவன் போயிட்டான்க்கா! இருக்கிறவங்க சாகணுமா?" என்று கத்தினேன். கத்தியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கையை நீட்டி அண்ணனின் சுருளை எடுத்தேன். "அவன் பங்குக்கு நானே போட்டுக்கிறேன்" என்று எல்லார் முன்னாலும் வாயில் போட்டு மென்றேன்.

பாவி நான். அண்ணியின் முகத்தை இன்றைக்கும் என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவள் அழவில்லை. எழுந்து வாசலுக்குப் போய், "அந்தக் காகிதத்தக் கொண்டாங்க" என்று எழுத்தரிடம் கேட்டாள். அதில் என்ன எழுதியிருந்தது என்பது எனக்குத் தெரியும், நான்தான் எழுதச் சொன்னேன். கணவர் இறந்துவிட்டார், அவர் பங்குக்கு நானே உரியவள் என்று. கைநாட்டு வைத்த மையைச் சேலையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "தம்பி, அவரு இல்லன்னு என் கையாலயே வைக்க வெச்சிட்டீங்க."

நீ கடைசியாகக் கையெழுத்துப் போட்டாய். "அவளே வெச்சிட்டா. நான் யாருக்காகப் புடிச்சி வைக்கிறது?" என்றாய். நான் என் சுருளையும் போட்டுக்கொண்டேன். உன் சுருள் மட்டும் தட்டிலேயே காய்ந்து கிடந்தது.

என் பெயர் எந்தப் பட்டியலிலும் வரவே இல்லை. ஜப்பான்காரன் போனான், செல்லாமல் போன அந்த நோட்டுகளில் பிள்ளைகள் கப்பல் செய்து விளையாடினார்கள். சில மாதம் கழித்து அண்ணன் வந்தான். எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு. நேராகக் காஜா பெராங் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறான். யாரோ திறந்து, யார் வேண்டும் என்று கேட்டார்களாம்.

என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அவன் பழைய கேலிச் சிரிப்போடு, "என் வெத்தலைய நீ போட்டுட்டியாமே. காரமா இருந்துச்சாடா?" என்று மட்டும் கேட்டான். நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். கடைசிவரை ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு துணிக்கடை மாடியறையில் வாடகைக்கு இருந்தே போய்ச் சேர்ந்தான்.

நீ போன பிறகு உன் பெட்டியைத் திறந்தபோது அடியில் ஒரு தென்னங்கயிறு இருந்தது. நடுவில் இரண்டு முடிச்சு. எதற்கென்று புரியாமல் அண்ணியிடம் காட்டினேன். "பாய்ல உக்காந்ததுக்கு மொத நாள் சனிக்கிழம அக்காவும் நானும் தோட்டத்த அளந்த கயிறு. ரெண்டு முடிச்சுக்கு நடுவுல ஒங்க பங்கு. தோட்டத்துல அத மட்டும் பிரிச்சி வித்துட்டு, வீட்ட அவருக்கு வைக்கலாம்னு அக்கா சொல்ல இருந்தாங்க" என்றாள். இன்னும் ஒரு நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த வாக்கியம் முடிந்திருக்கும். வீடும் இருந்திருக்கும்.

இன்று உன் வார்த்தைகளையே ஒன்று விடாமல் சொன்னேன். மூன்று சுருள் வைத்தேன். அண்ணன் மகன் வரவில்லை. என் வீட்டுக் காரியம் எதற்கும் அவன் வருவதில்லை. "அவன் வரமாட்டான்பா, நாமளே முடிச்சிடலாம்" என்று என் மகள் தட்டுப் பக்கம் கையை நீட்டினாள். நான் தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையை முழுதும் சொன்னேன். என் பிள்ளைகள் முன்னால் நான் அழுதது இதுதான் முதல் தடவை. யாரும் கையெழுத்துப் போடவில்லை. வியாழக்கிழமை என்று சொல்லி எழுந்தோம்.

அண்ணன் மகனுடைய சுருள் இப்போது ஈரத்துணியில் சுற்றி என் சட்டைப்பையில் இருக்கிறது. இதை எழுதி முடித்ததும் பஸ் ஏறி அவன் வீட்டுக்குப் போகப்போகிறேன். இரண்டு முறை போய்க் கதவு திறக்காமல் திரும்பியிருக்கிறேன். இன்று திறக்கும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். திறந்தால் இதை அவன் கையில் கொடுத்து, அவன் அப்பாவுக்கு அன்றைக்கு நான் சொல்லாத பதிலை அவனிடம் சொல்லவேண்டும். காரமாகத்தான் இருந்தது, இன்னும் இறங்கவில்லை என்று.

உன் தம்பி