முப்பது லிங்க்ஸ் நகர்ந்த ஊர்

ஆனி 4, செவ்வாய்.

குமுளிக் கணவாய் வழியாக இறங்கும் காற்று. இன்று என் துண்டு பறந்து போனது. இந்நேரம் பெரியகுளத்தில் யாராவது கட்டிக்கொண்டிருப்பார்கள். சாரல் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது.

செய்ய வேண்டியவை: கூடலூர் கடைக்கு ஏலக்காய் மூட்டை அனுப்ப. மாட்டுக்கு லாடம். அக்கா மகனுக்குப் புத்தி சொல்ல.

அக்கா மகன் முருகேசன் (இனி மு.; முழுப்பெயர் எழுதினால் மை தீர்ந்துவிடும்) சர்வேயர். வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை, இன்னும் நிரந்தரமாகவில்லை. போன தையில் ஊரில் காணாமல் போன எல்லைக் கற்களை எல்லாம் அக்கம்பக்கத்துப் பழைய கற்களிலிருந்து அளந்து திரும்ப நட்டவன். வெயிலில் கருத்துச் சுருங்கி, உலர்ந்த திராட்சை போலத் திரும்பினான்.

இப்போது பழைய அளவுகளிலிருந்து கணக்கிட்டுப் புதுப் படம் வந்திருக்கிறது. அதில் ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு எண். ஊரின் முதல் கல்லிலிருந்து வடக்கே இத்தனை, கிழக்கே இத்தனை. சர்வே இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வந்து, முதல் கல்லின் மேல் தியோடலைட் கருவியை நிறுத்தி, சூரியனைப் பார்த்துத் திசை எடுத்து, மு.வின் கற்களுக்கு மட்டும் எண்ணின்படி அளந்து முளைக்குச்சி அடித்துக்கொண்டே போனார். மு. நட்ட கல்லின் மேல் ஒரு குச்சியும் விழவில்லை.

வாசலில் வந்து நின்றான். முகம் வற்றிய கண்மாய்.

"மாமா, நான் நட்ட கல்லெல்லாம் தப்பாம். வெள்ளிக்கிழமை வந்து பிடுங்கி, குச்சி அடிச்ச எடத்துல நடச் சொல்லுவாகளாம். அதோட என் வேலைக்கும் சீட்டுக் கிழிச்சிருவாக."

"கவர்னருக்கு நான் ஒரு வார்த்தை சொல்றேன்டா மாப்ளே."

"கவர்னரை உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும். அவருக்குத்தான் என்னைத் தெரியாது."

சிரிக்கவில்லை. நிலைமை மோசம்தான்.

ஆனி 5, புதன்.

காற்று அப்படியே. காலையில் மு.வுடன் பேச்சியம்மாள் தோட்டம். புருஷன் போன பிறகு தனியாளாக வாழை போட்டு, யானையே மறைந்து நிற்கலாம் போல வளர்த்திருக்கிறாள். மு. நட்ட எல்லைக் கல்லுக்குக் கிழக்கே பத்தடியில் அவள் கிணறு. இன்ஸ்பெக்டரின் குச்சி கிணற்றையும் தாண்டிக் கிழக்கே நிற்கிறது. குச்சி சொல்வதுதான் எல்லை என்றால் கிணறு மேற்குத் தோட்டத்துச் சின்னச்சாமிக்கு.

சின்னச்சாமி அதற்குள் கிணற்றில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான், மாமனார் வீட்டுச் சீர் பார்ப்பவன் மாதிரி.

"ஏலே, என்னத்தலே பாக்குற?" பேச்சியம்மாள்.

"தண்ணி எம்புட்டுக் கெடக்குன்னு."

"குதிச்சுப் பாரு, தெரியும்."

பிறகு மு.விடம் வந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "தம்பி, நீ நட்டப்ப நானும் கூட நின்னேன். நீ ஏமாத்துற புள்ள இல்ல. கணக்குல எங்கன தடுக்குச்சுன்னு மட்டும் பாரு. கெணறு போச்சுன்னா நான் வாழைக்கு என் கண்ணீரையா பாய்ச்ச முடியும்?"

மு. அளவுச் சங்கிலியை எடுத்தான். முதல் சந்தேகம் சங்கிலி மேல். இழுத்து இழுத்து வளையம் அகன்று நீண்டிருக்கலாம். இரும்பு நாடாவை வைத்துப் பார்த்தான். நூறு வளையமும், அதாவது நூறு லிங்க்ஸும் சரி. (ஒரு லிங்க் என்பது என் சாண் அளவு இருக்காது. என் சாண் ராஜ சாண்.)

அடுத்து, கல்லிலிருந்து குச்சிக்கு உள்ள தூரம். கிணற்றடியில் முப்பது லிங்க்ஸ், ஏறக்குறைய இருபதடி. நேர் கிழக்கு. புளியந்தோப்பு மூலையில் முப்பது. நேர் கிழக்கு. ஊர்க் கடைசியில், ஆற்றங்கரையில், முப்பது.

மு. வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பாம்பு கடித்ததோ என்று பயந்து ஓடினேன் (என் ஓட்டத்தில் மேற்கு மலை ஒரு அடி தள்ளிப்போனது).

"மாமா, சங்கிலியில கோளாறுன்னா தூரம் போகப் போக வித்தியாசம் கூடணும். திசையில கோளாறுன்னா கதவு தெறக்குற மாதிரி, கிட்டக்கக் கொஞ்சமும் எட்டக்க நெறையவும் விலகணும். இது எல்லா எடத்துலயும் ஒரே அளவு, ஒரே பக்கம்."

"அப்படின்னா?"

"ஒண்ணு, நான் எல்லாக் கல்லையும் முப்பது லிங்க்ஸ் தள்ளி நட்டிருக்கணும். இல்லாட்டி அவுக நின்ன எடமே முப்பது லிங்க்ஸ் தள்ளி இருக்கணும்."

எது என்று அறிய ஒரு வழி. அவன் கையே படாத கல் ஒன்று வேண்டும். வடக்கு மூலையில் அவன் பிறப்பதற்கு முன்பே நட்ட கிழட்டுக் கல் இருக்கிறது. பக்கத்துக் குச்சியின் எண்ணைக் கல்லின் எண்ணிலிருந்து கழித்து, குறுக்குக்கோல் வைத்துச் செங்கோணம் பிடித்து, வடக்கே இத்தனை கிழக்கே இத்தனை என்று அளந்தோம். சங்கிலியின் மறு முனை என் கையில். இமயமலையை அளந்தவர்களுக்குக்கூட இவ்வளவு வியர்த்திருக்காது.

அளவு முடிந்த இடம் கிழட்டுக் கல்லுக்கு முப்பது லிங்க்ஸ் கிழக்கே. தப்பு அவன் கல்லில் இல்லை, அவர்கள் நின்ற முதல் கல்லில்.

மு. முதல் முறையாகச் சிரித்தான். அக்கா சிரிப்பு.

ஆனி 6, வியாழன்.

லாடக்காரன் வரவில்லை. அவனுக்குப் பல் வலியாம். அது கிடக்கட்டும், அதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது.

முதல் கல் மேற்கு எல்லையில், வாய்க்கால் ஓரம். மேடை மேல், வேப்ப மரத்தடியில். நமக்கெல்லாம் அது கல் இல்லை. வாய்க்கால் கருப்பசாமி. மஞ்சள், சந்தனம், எண்ணெய்ப் பிசுக்கு. பிசுக்குக்கு அடியில் சர்க்கார் உளியால் வெட்டிய பெருக்கல் குறி. இன்ஸ்பெக்டர் ஆட்கள் மாலையை விலக்கி, கும்பிட்டு, அதன் நேர் மேலே தியோடலைட்டை நிறுத்தியிருக்கிறார்கள். குறியைப் பார்த்தார்கள், மேடையைப் பார்க்கவில்லை. சர்க்கார் எந்தக் காலத்தில் தன் கல்லுக்கு மேடை கட்டியது?

பூசாரி வெள்ளையனிடம் மு. பணிவாகக் கேட்டான்: "சாமி எப்பவும் இங்கனதானா?"

"உலகம் உண்டானதுலருந்து இங்கனதான்."

பணிவு வேலைக்கு ஆகாது. என் முறை. ஏலக்காய் விலை பேசிப் பழகிய வாய்.

"ஆமா மாப்ளே. இந்தக் கருப்புக்குச் சக்தி கம்மி. கூடலூர்ல ஒரு கருப்பு வெள்ளம் வந்தப்ப எந்திரிச்சு மேட்டுல ஏறி உக்காந்துக்கிச்சாம். இது பாவம், தண்ணிக்குள்ளயே கெடந்திருக்கும்."

பூசாரிக்கு மீசை துடித்தது. "யாரு சொன்னது? நம்ம கருப்பு மட்டும் ஏறலையா? வாய்க்கா ஒடைச்ச வருசம் காலு நனையுதுன்னு எம்மேல எறங்கிச் சொன்னாரு. மேளம் வச்சு, ஊரே கயிறு கட்டித் தூக்கி இந்த மேட்டுல வச்சோம். கெடா வெட்டு! நீங்கதான் அப்ப கூடலூர்ல ஏலக்கா வித்துக்கிட்டு இருந்தீக."

"அதுக்கு முன்னாடி எங்கன இருந்தாரு?"

"அந்தா, அந்தச் சேத்துப் பக்கம்." கை மேற்கே.

மறைத்த குற்றம் ஒன்றுமில்லை. ஊரே பெருமையாகச் செய்த காரியம். சாமியைத்தான் நகர்த்தினார்கள். சர்க்கார் கல்லை நகர்த்துகிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சாமியோடு ஊர் முழுக்க, ஆறு, வாழை, என் வீட்டு உரல் உட்பட, இன்ஸ்பெக்டர் கணக்கில் முப்பது லிங்க்ஸ் கிழக்கே போய்விட்டது. மேளம் வைத்து ஒரு கிராமத்தையே நகர்த்தியவர்கள் இந்தப் பூமியில் நாங்கள் மட்டும்தான்.

சாப்பாடு: கருவாடு. இரண்டு முறை.

ஆனி 7, வெள்ளி.

சாரல். இன்ஸ்பெக்டர் வந்தார். கடப்பாரையோடு இரண்டு ஆள், கல் பிடுங்க. சின்னச்சாமி வெற்றிலைத் தட்டோடு. பேச்சியம்மாள் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள்.

மு. சொன்னான். முப்பது லிங்க்ஸ் கணக்கு, பூசாரி சொன்ன மேளக் கதை, இரண்டையும்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. முழுதும் கேட்டார். "பூசாரி சொல்வதை வைத்து நான் படத்தை மாற்ற முடியாது அப்பா. சாமி வாக்கை மேலே எழுதி அனுப்பினால் என்னை ஏர்வாடிக்கு அனுப்புவார்கள். தரையில் காட்டு."

காட்டினான். பழைய அளவின்படி முதல் கல் நிற்க வேண்டியது மேற்கு எல்லைக் கோட்டின் மேல், வடக்கு மூலைக் கல்லுக்கும் தெற்கு மூலைக் கல்லுக்கும் நடுவே. இரண்டு மூலைக் கல்லையும் யாரும் கும்பிட்டதில்லை, ஆகவே நகர்ந்ததில்லை. கொடிக் கம்புகளை ஒரே நேரில் நிறுத்தி, வடக்கிலிருந்து சங்கிலி போட்டுப் பழைய தூரம் முடிந்த இடத்தில் ஒரு குச்சி. தெற்கிலிருந்து வந்து இன்னொரு குச்சி. இரண்டுக்கும் இடையில் என் உள்ளங்கை அகலம். வாய்க்கால் ஓரத்துச் சேறு. அங்கிருந்து கருப்புக்கு அளந்தான்: நேர் கிழக்கே முப்பது.

"தோண்டு" என்றார் இன்ஸ்பெக்டர். கல் பிடுங்க வந்த கடப்பாரை சேற்றில் இறங்கியது. முழங்கால் ஆழத்தில் டக். சுற்றிலும் கெட்டித்த ஜல்லி, நடுவில் சதுரமாய் ஒரு குழி, வண்டல் நிரம்பி. பல் பிடுங்கின குழி மாதிரி. பூசாரியே கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இதேதான், இதேதான்!" என்று குதித்தார்.

இன்ஸ்பெக்டர் தானே தியோடலைட்டைத் தூக்கி வந்து குழியின் மேல் நிறுத்தினார். திரும்பத் திசை எடுத்தார். கிணற்றடிக் கல்லின் எண். ஆட்கள் சங்கிலியோடு போனார்கள். நானும் பின்னால். மழையில் மூச்சு நின்றுவிட்டது, எனக்கு மட்டுமல்ல, மாடுகளுக்கும்.

சங்கிலிக்காரன் கத்தினான்: "ஐயா, குச்சி அடிக்க எடமில்ல! கல்லு நிக்கிது!"

சின்னச்சாமி வெற்றிலையை எல்லாம் தானே போட்டுக்கொண்டான்.

ஆனி 8, சனி.

வெயில். புதுக் கல்லொன்றில் குறி வெட்டி, பழைய குழியில் நட்டு ஜல்லி இடித்தாயிற்று. கருப்பின் தலையில் உள்ள குறியை அழிக்க இன்ஸ்பெக்டர் உளி கேட்டார். ஒருவரும் கொடுக்கவில்லை. அவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. அதற்குப் பதில் படத்தில் கோயில் என்று போட்டு, முதல் கல்லுக்குக் கிழக்கே முப்பது என்று எழுதிவிட்டார்.

பூசாரிக்கு ஒரே பெருமை. "நம்ம கருப்புக்குச் சர்க்கார் நம்பரு! இனி அவரு நகரணும்னா தாலுகா ஆபீசுல மனுப் போடணும்ல?"

"போடணும். சாமிதான் கையெழுத்துப் போடணும்" என்றேன்.

மு.வைப் பற்றி இன்ஸ்பெக்டர் கைப்பட எழுதி வைத்துப் போயிருக்கிறார்: கற்கள் சரி, வேலை நிரந்தரமாக்கலாம். அடுத்து தேவதானப்பட்டிப் பக்கம் அனுப்புவார்களாம். அங்கே முதலில் சாமிகளை விசாரித்துவிட்டுச் சங்கிலியை எடு என்று புத்தி சொல்லியாயிற்று.

மத்தியானம் தப்பான குச்சிகளை எல்லாம் மு. பிடுங்கிக்கொண்டே வந்தான். ஒரு கட்டு. பேச்சியம்மாள் வாங்கிக் கிணற்றடியில் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். கோழிக் குழம்பு. தண்ணீர் அந்தக் கிணற்றுத் தண்ணீர்.

"நல்லா காஞ்ச குச்சி அண்ணே. சர்க்கார் வெறகு நின்னு எரியுது."

சின்னச்சாமியையும் கூப்பிட்டு அனுப்பினாள். வந்து உட்கார்ந்தும்விட்டான், இலையோடு. எழுதிக்கொண்டிருக்கிறேன், மு. கத்துகிறான், "மாமா, ஈரலைச் சின்னச்சாமி எடுத்துட்டாரு!"