ராட்டினத்துக்கு யார் தூக்கிப் போனது

மார்ச் 3, செவ்வாய்

மருந்துக் கடையில் மதியம் முழுக்க ஈ ஓட்டினேன். அந்த நேரத்தில் பாட்டி ஊர்த் திருவிழாவைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் படிக்கிற முகநூல் பக்கத்துக்கு. பக்கத்தை நடத்தும் அட்மின் போனில் பாடமே எடுத்துவிட்டார். "ஊர் பேர் போடாதீங்க சார். படிக்கிறவன் தன் ஊருன்னே நினைச்சுக்கணும். முதல் மூணு வரியில ஒரு வாசனை வந்துடணும். அதுக்குக் கீழ 'மேலும் படிக்க'ன்னு வந்துடும், அங்கதான் ஆளு நழுவுவான்."

வாசனை கிடைத்துவிட்டது. மண்ணெண்ணெய் விளக்கும் புது பலூனும் கலந்த வாசனை. எனக்கே வயது ஐந்தாகிவிட்டது.

மார்ச் 5, வியாழன்

எழுதியதில் பாட்டி, அத்தை, சித்தப்பா, அவர் பிள்ளைகள் என்று ஒரு பட்டாளம். "பாட்டி ஒருத்தர் போதும் சார், ஆள் கூடினா குழம்பும்" என்றார் அட்மின். சரிதான். வெட்டினேன்.

ஒன்றை மட்டும் வெட்ட மனசு வரவில்லை. ராட்டினம் ஏறுவதற்குள் நான் தூங்கிப்போனது. என்னை இடுப்பில் சுமந்து போய், மூட்டை கட்டிக்கொண்டிருந்த ராட்டினக்காரரிடம் கெஞ்சி, என்னை எழுப்பிக் கடைசியாக ஒரு சுற்று சுற்ற வைத்தது. செய்தது அத்தை. பாட்டி பேரில் எழுதிவிட்டேன். இரண்டு பேரும் ஒரே வீடுதானே?

மார்ச் 7, சனி

போட்டாயிற்று. வெளிநாட்டில் எல்லோரும் விடிந்து எழுந்து, காப்பியோடு போனை எடுக்கிற நேரமாகப் பார்த்துப் போட்டார் அட்மின். முதலில் வருகிற கமெண்டுகளுக்கு உடனே பதில் போடணுமாம், அப்போதுதான் இன்னும் நாலு பேர் கண்ணில் படுமாம். கடைக்கு வந்தவரை நிற்க வைத்துவிட்டுப் பதில் போட்டேன். "என் பாட்டியும் இப்படித்தான்." "இந்த ஊர் எங்க ஊர்தானே?" தலைகால் புரியவில்லை எனக்கு.

மனைவி படித்துவிட்டுக் கேட்டாள்: "உங்க பாட்டியா? தானா எந்திரிச்சுத் தண்ணி குடிச்சே நான் பார்த்ததில்லையே?"

பொறாமை.

மார்ச் 8, ஞாயிறு

அத்தை ஒரு லைக் போட்டிருக்கிறாள். லைக் மட்டும்.

அத்தை மகனோடு வெளிநாட்டில் இருக்கிறாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் வீட்டில் அவளும் போனும்தான். நான் தும்மினால்கூட மூன்று நிமிஷத்துக்கு வாய்ஸ் அனுப்புகிறவள். இதற்கு ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

நானே கூப்பிட்டேன். சுற்றி வளைத்துக் கடைசியில், "படிச்சியா அத்தை?" என்றேன்.

"படிச்சேன். பக்கத்து வீட்டுக்காரிகிட்ட, என் அண்ணன் மகன் எழுதினதுன்னு வாசிச்சும் காமிச்சேன். இப்ப நான் வருவேன் பாருன்னு சொல்லிக்கிட்டே வாசிச்சேன்."

"அது வந்து அத்தை..." என்று இழுத்தேன்.

"எங்கம்மா திருவிழாவுக்கே வரமாட்டாடா. வீட்டுக்குக் காவலு யாரு? நீ யாருக்காக எழுதுனியோ அவங்களுக்குப் புடிச்சிருக்கு, விடு."

யாருக்காக எழுதினேன்? வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்காக. அத்தை எங்கே இருக்கிறாள்? மடையா, மடையா.

மார்ச் 11, புதன்

கடையில் பதிவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

மார்ச் 12, வியாழன்

திருத்திவிட்டேன். அட்மின் தலையில் அடித்துக்கொண்டார். "பாட்டின்னாதான் சார் ஓடும். அத்தைக்கு யாரு அழுவா? கீழ இருக்கிற கமெண்ட்டெல்லாம் அந்தரத்துல நிக்கும்." நிற்கட்டும். பாட்டியை வாசலில் காவலுக்கு உட்கார வைத்தேன், என்னை அத்தை இடுப்பில் ஏற்றினேன். தப்பாக எழுதிவிட்டேன் என்று மேலேயே ஒரு வரி போட்டேன். இரண்டு பேர் திட்டினார்கள். இருக்கட்டும்.

சாயங்காலம் வாய்ஸ் வந்தது. அப்பாடா. "வழி பூரா தூக்கிட்டுப் போனேன்னு எழுதியிருக்க. நடுவுல ரெண்டு தடவை உன்ன இறக்கி விட்டேன். எருமைக்கன்னு கனம் கனத்த."

"ராட்டினத்துல நீ எந்தப் பக்கம் உக்காந்திருந்த அத்தை? எனக்கு ஞாபகமே இல்லையே" என்று பதில் அனுப்பினேன்.

"நான் எங்க ஏறினேன்? உன் செருப்பு விழுந்துடும்னு கழட்டிக் கையில வச்சுக்கிட்டுக் கீழ நின்னேன்."

அந்த வாய்ஸைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பதிவின் கடைசி வரியாக அதையே சேர்த்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

அத்தை மருமகள் ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறாள். அங்கே ஏதோ ஒரு பூங்காவில் பெரிய ராட்டினம். உச்சியில், கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு அத்தை. கீழே நின்று அவள் மகன் கையசைக்கிறான். இன்னொரு கையில் அத்தையின் செருப்பு.

கூடவே அத்தையின் வாய்ஸ்: "ஒண்ணுமே பாக்கலடா. அடுத்த வாரம் கண்ணத் தொறந்துக்கிட்டு ஏறணும்."

அட்மினிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். போட்டோவைப் பக்கத்தில் போடலாமா, பிய்ச்சிக்கிட்டு ஓடும் என்றார்.

தரமாட்டேன் என்றேன்.