வண்டி வந்து நின்ற பிறகே அறுப்பு

அக்கா,

இன்று காலை திண்டிவனம் புறவழிச் சாலையோரம் டீ குடிக்க நின்றேன். பக்கத்தில் வைக்கோல் பரப்பி தர்பூசணி குவித்திருந்தார்கள். குவியலின் அடியில் ஏதோ ஒரு காய் வெடித்து, வெயிலில் புளித்து, அந்த வாடை குப்பென்று அடித்தது. டீயை அப்படியே வைத்துவிட்டேன். "இன்னா சார், சக்கரை பத்தலையா?" என்றார் கடைக்காரர். அவருக்கு என்ன தெரியும்? அந்த வாடையை ஒரு நிலம் முழுக்கப் பரப்பி வைத்தவன் நான்.

தொண்ணூற்று மூன்று சித்திரை. என்னிடம் இருந்தது ஒரே ஒரு மினி லாரி. ஊரில் மூன்று என்று சொல்லிக்கொண்டிருந்தேன். படிப்பு ஏழாம் வகுப்புதான். ஆனால் ஓட்டுவதில் எனக்கு நிகர் கிடையாது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் பிரேக்கைத் தொடாமல் வந்திருக்கிறேன். சரி, லெவல் கிராசிங்கில் மட்டும் தொட்டேன்.

நீங்கள் முகையூரில் வேதக்காரக் குடும்பத்தில் பிறந்து கிளியனூருக்கு வாழ வந்தவர். கணவர் இறந்த பிறகு குத்தகை நிலத்தில் தர்பூசணி போட்டீர்கள். என் வண்டிதான் உங்கள் காயைச் சென்னை மண்டிக்கு ஏற்றிப்போகும். "மதியானம் வண்டி வாசல்ல நிக்கும்க்கா, நீங்க அறுத்துப் போடுங்க" என்று நான்தான் சொன்னேன். அந்த வார்த்தையை நம்பி விடியற்காலையில் ஆள் விட்டு அறுத்தீர்கள்.

அன்று அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போக முப்பது பேர் என் லாரியைச் சுற்றி நின்றார்கள். வாடகை இரட்டிப்பு. காலை பஸ்ஸின் கண்டக்டரிடம் "இன்னைக்கு வண்டி வராது" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் வேறு வண்டி பிடித்திருப்பீர்கள். ஆனால் சொன்னால் அடுத்த லோடும் கை நழுவிப் போகுமே என்று வாயை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

மறுநாள் மதியம் வந்து நின்றேன். நிலத்தில் ஒரு மரம் கிடையாது. ஒன்றரை நாள் வெயிலில் காய் வெந்துகொண்டிருந்தது. நான் இறங்கியதுமே ஆரம்பித்தேன்: செஞ்சிக்கு அந்தப் பக்கம் ஆக்சில் உடைந்தது, நட்ட நடுக்காட்டில் நின்றேன், மெக்கானிக்கைத் தேடி ஏழு மைல் நடந்தேன், ஒரு நரி குறுக்கே வந்தது.

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தீர்கள். பம்பரில் வேப்பிலைக் கொத்து, எலுமிச்சம்பழம், கண்ணாடியில் குங்குமம்.

"நரி கட்டி விட்டுதா தம்பி அந்த வேப்பிலைய?"

காய் ஏற்றக் காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கு ஓட இடம் இல்லை.

"அங்காளம்மா ஒன்ன மன்னிச்சிருப்பா. அது அவ இஷ்டம். நீ வண்டிய எடு."

அதன் பிறகு கிளியனூர் பக்கத்தில் என் வார்த்தையை நம்பி ஒருவரும் ஒரு கொடியில் கத்தி வைக்கவில்லை. திண்டிவனம் லாரி ஸ்டாண்டில் போவோர் வருவோரெல்லாம் "இன்னாப்பா, நரி சௌக்கியமா?" என்று கேட்டார்கள். வாடகை இல்லை. வண்டியை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போகலாம் என்றால், வாங்க வந்தவனும் "ஆக்சில் நல்லாருக்கா?" என்றே கேட்டான். சொந்தப் பொய்க்குள் நானே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இருபது நாள் கழித்து உங்கள் வீட்டுக்கு வந்தேன். நஷ்டத்துக்கு ஏதாவது வாங்கிக்கொள்ளச் சொன்னேன். கையைத் தட்டிவிட்டீர்கள். திரும்பவும் கதை சொல்ல வாயைத் திறந்தேன்.

"நிறுத்து. நாங்க சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல கூட இவ்ளோ பேசமாட்டோம். செஞ்சத சொல்லிட்டு எந்திரிச்சிருவோம்."

செய்ததைச் சொன்னேன். "ரெட்ட வாடகைக்கு ஆசப்பட்டு மேல்மலையனூர் போனேன். சொல்லி அனுப்ப வழி இருந்துது, அனுப்பல. அப்பறம் பொய் சொன்னேன்." மூன்றே வாக்கியம். என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சிறிய பேச்சு. சொல்லி முடித்தபோது சட்டை நனைந்திருந்தது.

நீங்கள் சொன்னீர்கள்: "காய் போனா போவுது, அடுத்த போகம் காய்க்கும். மண்டிக்காரர்கிட்ட நாளைக்கு சரக்கு வரும்னு நான் சொல்லியிருந்தேன். ஒன்னால நான் பொய்க்காரியாயிட்டேன். அத யாரு சரி பண்ணுவா?"

அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை அக்கா. நான் உடைத்தது என் வார்த்தையை மட்டும் அல்ல. அதன்மேல் நீங்கள் அடுக்கி வைத்த உங்கள் வார்த்தையையும்தான்.

மறு வாரம் உங்களோடு பஸ் ஏறி சென்னை வந்தேன். மண்டியில் பெஞ்சில் ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் மண்டிக்காரர், நடுவில் நான். எழுந்திருக்கக்கூட முடியாத இடம். ஆயிரம் பேர் சுற்றி நின்றார்கள். எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அக்கா மேல தப்பு இல்லீங்க. வரேன்னு சொல்லிட்டு வராதவன் நான்தான்" என்றேன். மண்டிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "பொய் சொன்ன லாரிக்காரன நெறைய பாத்திருக்கேன்மா. அத சொல்றதுக்கு டிக்கெட் எடுத்துக்கினு வந்தவன இப்பதான் பாக்கறேன்" என்றார். உங்கள் அடுத்த லோடுக்கு நாள் குறித்தார்.

திரும்பி வரும் வழியில் எனக்கும் ஒரு கதவு திறந்தது, பாதியளவு. "ஏத்தலாம். ஆனா வரேன்னு சொல்லாத, வந்து நில்லு. வண்டி நெலத்துல நின்னு, சாவி என் கைக்கு வந்தப்பறம்தான் மொத காய் அறுப்பேன். வர முடியலன்னா அறுப்புக்கு முந்தியே தெரியணும்" என்றீர்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு லோடும் அப்படித்தான். விடியும்போது வண்டியை நிறுத்திச் சாவியைக் கொடுத்துவிட்டு, அறுத்து முடிக்கும்வரை வரப்பில் குந்தியிருப்பேன். ரோட்டில் போகிற டிரைவர்கள் "வரியா, கல்யாண லோடு இருக்குது!" என்று கத்துவார்கள். சாவி உங்கள் முந்தானையில். கட்டிப்போட்ட மாடுகூட என்னைவிடச் சுதந்திரமாக இருந்தது.

அடுத்த வருஷம்தான் சோதனை வந்தது. அறுப்புக்கு முந்தின நாள், நிஜமாகவே ஆக்சில் உடைந்தது. இதை உலகத்தில் எவன் நம்புவான்? உடைந்த துண்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு ஆள் எடை இருக்கும். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போட்டார். கிரீஸ் வழிய உங்கள் வாசலில் வந்து நின்றேன்.

நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "ஏன்டா பேஜாரு புடிச்சவனே, இத எதுக்குடா தூக்கிக்கினு வந்த? நீ வந்து சொன்னா பத்தாதா?"

அறுப்பைத் தள்ளி வைத்தீர்கள். "கொடியில இருந்தா ரெண்டு நாள் தாங்கும்" என்று சொல்லி எனக்குச் சோறு போட்டீர்கள்.

அதற்கு அடுத்த லோடு. வழக்கம்போல விடியற்காலையில் ரோட்டைவிட்டு வண்டியைத் திருப்பினேன். நிலத்தில் பாதி அறுப்பு முடிந்திருந்தது. நான் வருவதற்கு முன்பே கத்தி வைத்துவிட்டீர்கள். சாவியை நீட்டினேன். "வெச்சிக்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கொடிக்குப் போய்விட்டீர்கள்.

பெருமையாக இருந்தது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் பொய் சொல்லமாட்டேன்: பயம்தான் வந்தது. சாவி உங்களிடம் இருந்தபோது அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு நினைப்பாவது இருந்தது. இப்போது சாவி என் கையிலேயே இருக்கிறது, யாரிடம் கேட்பது?

நீங்கள் கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. இப்போது எனக்கு இரண்டு லாரி. (உண்மையாகவே இரண்டு.) செல்போனில் யாராவது "நாளைக்கு வண்டி வருமா?" என்று கேட்டால், வரும் என்று நாக்கு நுனிவரை வந்துவிடும். அங்கேயே நிறுத்தி, வர முடியாமல் போவதற்கு என்னென்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். சில பேர் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறார்கள். மகன் திட்டுகிறான். கதை மட்டும் இன்னும் அளக்கிறேன். நரியை இப்போது சிறுத்தையாக்கிவிட்டேன். ஆனால் ஒருவர் என் பேச்சை நம்பிக் கத்தியை எடுக்கிற இடத்தில் பொய் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை அக்கா. அங்கே என்னைப் பூட்டிவிட்டுப் போனவர் நீங்கள். திறந்துவிட வேறு ஆள் இல்லை, நானும் தேடவில்லை.